மார்ச் கடைசி வாரம் தங்கை கல்யாணம், அக்கவுண்ட்ஸில் லீவு எப்படிக் கேட்பது?

பனியன்_கணக்கு (பிப்ரவரி 10)

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆறு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எங்கள் பிரிவில் மூன்று பேர். நான், பில் என்ட்ரி போடும் ஓர் அக்கா, சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு தம்பி. மேலே மேனேஜர், அவருக்கு மேலே முதலாளி.

தங்கைக்கு மார்ச் 27 முகூர்த்தம். திருமங்கலத்தில் மண்டபம் பிடித்தாயிற்று. அப்பா இல்லை, அதனால் பந்தல்காரரில் ஆரம்பித்து மாப்பிள்ளை அழைப்பு வரை எல்லாவற்றுக்கும் நான்தான் நிற்க வேண்டும். மார்ச் 31 அன்று மறுவீடு வைத்திருக்கிறார்கள். எனக்கு மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை லீவு வேண்டும். இயர்ன்டு லீவு 17 நாள் கையில் இருக்கிறது.

போன வாரம் கேன்டீனில் டீ குடிக்கும்போது மேனேஜரிடம் வாயால் சொன்னேன். "மார்ச் 20-க்கு மேல் ஏப்ரல் 5 வரை யாருக்கும் லீவு கிடையாது, உனக்குத் தெரியாதா" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். கல்யாணம் என்று சொல்வதற்குள் ஆள் இல்லை. அவர் மோசமானவர் இல்லை, போன வருடம் அவரே 31 ராத்திரி குடோனில்தான் இருந்தார். சண்டை போட விருப்பமில்லை. ஆனால் தங்கை கல்யாணத்துக்கு முதல் நாள் போய் மறுநாள் திரும்புகிறவனாகவும் என்னால் இருக்க முடியாது. எப்படிக் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது?

நேர்பேச்சு

இயர்ன்டு லீவு நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது, அது அவர் போடுகிற பிச்சை கிடையாது. 15 நாள் முன்னால் எழுத்தில் கொடுத்தால் மறுக்க முடியாது என்று பழைய ஃபேக்டரி சட்டத்திலேயே இருந்தது. கேன்டீனில் பேசுவதை விடுங்கள், எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பிப்ரவரி 10 என்றால் உங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

கோவை_மீனா

நேர்பேச்சு சொன்னதில் எழுத்தில் கொடுங்கள் என்பது சரி. மறுக்கவே முடியாது என்பது சரியில்லை. அந்த 15 நாள் விதி தொழிலாளி எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்கு வந்தது. வேலை நிற்காமல் இருக்க கம்பெனி ஒரு லீவுத் திட்டத்தை எழுதிப் பதிந்திருந்தால், அதன்படி மறுக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருந்தது. மறுத்தால் லீவு அழியாமல் அடுத்த வருடத்துக்குப் போகும், அவ்வளவுதான். அதுவும் ஃபேக்டரி தொழிலாளிகளுக்கு எழுதிய சட்டம், ஆபீஸில் உட்கார்ந்து அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஆள் அதற்குள் வருவாரா என்பதே தனி வழக்கு. தங்கை கல்யாணத்துக்கு முன்னால் அந்த வழக்கு முடியாது.

தம்பி, நான் 19 வருடமாக இதே கார்மென்ட்ஸ் கணக்கில் இருக்கிறேன். மார்ச் மாதம் என்னிடம் லீவு கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் "பதினொரு நாள் வேண்டும்" என்று நாளைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டதும் மேனேஜர் தலைக்குள் அந்தப் பதினொரு நாளில் நடக்க வேண்டிய அத்தனையும் ஒரே மூட்டையாக வந்து விழும். மூட்டையைப் பார்த்தால் யாராக இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்வார்கள். அதைப் பிரித்துக் காட்ட வேண்டியது நீங்கள். 23 முதல் 2 வரை உங்கள் கையில் மட்டும் என்னென்ன இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். உங்கள் உடம்பு அங்கே இருந்தே ஆக வேண்டியது எது, உங்கள் லாகின் மட்டும் வேண்டியது எது, உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பது எது என்று பார்ப்போம்.

வங்கி_வாசல்

பேங்கில் மார்ச் 31 லீவு எல்லாம் நினைத்தே பார்க்க முடியாது நண்பரே. எங்கள் கிளையில் அன்று ராத்திரி வரை குளோசிங். என் பெண்ணின் காதுகுத்தையே மே மாதத்துக்குத் தள்ளினேன். ரீஜனல் ஆபீஸுக்கு எழுதிப் பாருங்கள், வேறு கிளையிலிருந்து டெப்யூட்டேஷனில் ஆள் போடுவார்கள்.

பனியன்_கணக்கு

வங்கி அண்ணா, நான் பேங்க் இல்லை, பனியன் கம்பெனி. எங்களுக்கு ரீஜனல் ஆபீஸ் கிடையாது, மாடியில் முதலாளி ரூம்தான்.

மீனா அக்கா, உட்கார்ந்து யோசித்து எழுதினேன். முதலில் சப்ளையர் பேமென்ட். டையிங், நிட்டிங், காம்பாக்டிங், பிரின்டிங் என்று ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் நூல் கடைகளும் சேர்த்து 58 பேர், அதில் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருப்பவர்கள் 34. அவர்களுக்கு 31-க்குள் பணம் போக வேண்டும் என்று ஆடிட்டர் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். நெட் பேங்கிங்கில் பேமென்டைப் போடும் மேக்கர் என் யூசர்தான், அதை அப்ரூவ் செய்யும் செக்கர் முதலாளி. அடுத்து எல்யுடி, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜிஎஸ்டியில் கொடுக்கும் உறுதிக் கடிதம், புது வருடத்துக்கானது. 31 சாயங்காலம் ஸ்டாக் எண்ணுவது, போன இரண்டு வருடமும் ஷீட் எழுதியது நான். வெளியே டையிங்கில் கிடக்கும் துணிக்கு அந்தந்த யூனிட்டிலிருந்து கன்ஃபர்மேஷன் லெட்டர் வாங்குவது. ஏப்ரல் 1 அன்று டேலியில் புது இன்வாய்ஸ் நம்பர் வரிசை போடுவது. அப்புறம் மார்ச் மாத ஜிஎஸ்டி, டிடிஎஸ். இவ்வளவுதான் நினைவுக்கு வருகிறது.

கோவை_மீனா

நல்லது. கடைசியில் எழுதியதை முதலில் எடுக்கிறேன். மார்ச் மாதத்து ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஜிஎஸ்டிஆர்-1 ஏப்ரல் 11-க்குத்தான், 3பி ஏப்ரல் 20. மார்ச்சில் பிடித்த டிடிஎஸ் கட்ட ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது, மற்ற மாதம் மாதிரி 7-ஆம் தேதி இல்லை. இந்த மூன்றும் நீங்கள் கேட்கும் தேதிக்குள் வரவே இல்லை. ஆனால் மேனேஜர் தலைக்குள் இருக்கும் மூட்டையில் இவையும் இருக்கின்றன. "இயர் எண்டு" என்று சொல்லும்போது ஏப்ரல் வேலை எல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

எல்யுடி நீங்கள் கிளம்புவதற்கு முன்பே முடிக்கக்கூடியது. அடுத்த வருடத்துக்கானதைப் போர்ட்டலில் மார்ச்சிலேயே போடலாம். ஆர்எஃப்டி-11 படிவம், இரண்டு சாட்சிகள் பெயர், முகவரி, முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பத்து நிமிட வேலை. போட்டதும் ஏஆர்என் என்ற விண்ணப்ப எண் வந்துவிடும். மார்ச் 15-க்குள் போட்டு ஏஆர்என்னைப் பிரின்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வையுங்கள். அது இல்லாமல் ஏப்ரல் 1 அன்று வரி கட்டாமல் ஏற்றுமதி இன்வாய்ஸ் போட முடியாது, அதனால் முதலாளிக்கு அது பெரிய பயம். அந்தப் பயம் முதலில் போகட்டும்.

கன்ஃபர்மேஷன் லெட்டர் கேட்டு இப்போதே எழுதலாம். 31-ஆம் தேதி நிலவரம் என்றாலும், லெட்டர் படிவத்தை 20-ஆம் தேதிக்குள் எல்லா யூனிட்டுக்கும் கொடுத்து, 31 மாலை அவர்கள் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லி வைத்தால் போதும். பில் என்ட்ரி அக்காவால் அதைத் துரத்த முடியும். டேலி நம்பர் வரிசை அந்தத் தம்பிக்கு இருபது நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடியது.

இத்தனையும் போக மிச்சம் இரண்டே இரண்டு. பேமென்ட், ஸ்டாக். ஸ்டாக்குக்கு உடம்பு வேண்டும். பேமென்டுக்கு லாகின் வேண்டும். உங்கள் பேச்சு இந்த இரண்டைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

சிவகாசி_சரவணன்

என் கதையைச் சொல்கிறேன், யாராவது பயன்படுத்திக்கொள்ளட்டும். மூன்று வருடம் முன்னால் மச்சினன் கல்யாணம், அதுவும் மார்ச் கடைசி. "லேப்டாப்பைக் கொண்டு போகிறேன், எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்" என்று சொல்லி ஐந்து நாள் வாங்கினேன். பெரிய மனதோடு சொன்னதாக நினைத்தேன். மண்டபத்தில் மணமகன் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அங்கே பாத்திரங்களுக்கு நடுவே லேப்டாப்பை வைத்து வவுச்சர் தேடிக்கொண்டிருந்தேன். நெட் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்டில் டேலி ரிமோட் விட்டு விட்டு வந்தது. தாலி கட்டும்போது வெளியே மேளம் கெட்டியாகிறது, நான் போனில் "எந்த பேட்ச்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. ஆபீஸிலும் நான் சொன்ன நேரத்தில் முடிக்கவில்லை என்று கோபம். இரண்டு பக்கமும் கெட்டது. எப்போதும் இருப்பேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முதலாளி_பக்கம்

நான் சின்ன யூனிட் நடத்துகிறேன், 40 பேர். எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். மார்ச்சில் லீவு என்று வருகிறவரைப் பார்த்ததும் எனக்கு வருவது கோபம் கிடையாது, பயம். அவர் போன பிறகு ஒன்று வெடித்தால் யாரைக் கேட்பது என்று தெரியாத பயம். போன வருடம் என் ஆள் "எல்லாம் முடித்துவிட்டேன் சார்" என்று சொல்லிப் போனார். உண்மையிலேயே முடித்திருந்தார். ஆனால் நான் ஒரு டையிங்காரருக்குப் பணம் போனதா என்று பார்க்க ஒன்றரை நாள் ஆனது, ஏனென்றால் அந்த ஷீட் அவருடைய கம்ப்யூட்டரில் அவருடைய ஃபோல்டரில் இருந்தது.

எனக்கு வேண்டியது ஒரு பெயர், ஒரு பக்கம். இந்த விஷயத்துக்கு இன்னார், அது இந்த இடத்தில் இருக்கிறது. அது கையில் இருந்தால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அப்புறம், இரண்டாவது ஆளிடம் முன்பே பேசாமல் அவர் பெயரை எழுதிக்கொண்டு வராதீர்கள். நான் கூப்பிட்டுக் கேட்டால் அவர் முழிப்பார், அத்தோடு முடிந்தது.

வங்கி_வாசல்

தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும் தம்பி. ஆனால் மேக்கர் என்று சொன்னதால் பேங்க் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல முடியும். உங்கள் பாஸ்வேர்டை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நிறைய கம்பெனியில் அப்படித்தான் செய்கிறார்கள், ஓடிபி போனில் வரும், மண்டபத்தில் இருந்து நம்பர் சொல்வார்கள். ஏதாவது தப்பான கணக்குக்குப் பணம் போனால் பதிவில் இருப்பது உங்கள் பெயர், அந்த நேரம் நீங்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பேங்க் கேட்காது.

இன்னொரு மேக்கர் யூசர் போடச் சொல்லி இப்போதே ஃபாரம் கொடுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் போர்டு தீர்மானம் கேட்பார்கள், அந்தத் தம்பியின் ஆதார், பான் கேட்பார்கள். எங்கள் கிளையில் சாதாரண நாளிலேயே ஒரு வாரம் ஆகும். மார்ச் 20-க்கு மேல் கொண்டு வந்தால் நானே சொல்கிறேன், அந்த ஃபைலை யாரும் திறக்க மாட்டோம். பிப்ரவரியில் வந்தால் மார்ச் முதல் வாரம் யூசர் ரெடி. அந்தப் பையனை இரண்டு வாரம் சின்ன பேமென்ட் போடச் சொல்லிப் பழக்குங்கள். முதல் முறை லாகின் செய்யும் நாள் மார்ச் 25 ஆக இருக்கக்கூடாது.

நேர்பேச்சு

எல்லாம் சரி, ஆனால் பேமென்ட் விஷயத்தில் எல்லோரும் தப்பிக்கிறீர்களே. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எல்லா பில்லும் 31-க்குள் கொடுத்தாக வேண்டும். 23-ஆம் தேதி போனால் 24 முதல் 31 வரை வரும் பில்லுக்கு என்ன செய்வார்? அங்கேதான் மாட்டும்.

கோவை_மீனா

இது பாதி சரி. இந்தப் பாதியால்தான் மார்ச்சில் எல்லோரும் தேவையில்லாமல் ஓடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் 45-ஐத் தாண்டக்கூடாது. கெடு தாண்டி, வருடமும் முடிந்து, பணம் போகாமல் இருந்தால் அந்தச் செலவு இந்த வருட வருமானத்தில் கழியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழியும். இப்போது பாருங்கள். ஒப்பந்தம் இல்லாத ஒரு காம்பாக்டிங் யூனிட்டின் வேலையை மார்ச் 12 ஏற்றுக்கொண்டால் கெடு 27. கெடு தாண்டினாலும் 31-க்குள் கொடுத்துவிட்டால் செலவு இந்த வருடத்திலேயே கழியும். மார்ச் 20 ஏற்றுக்கொண்டதற்குக் கெடு ஏப்ரல் 4. அதை 31-க்குள் கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஏப்ரல் 4-க்குள் கொடுத்தாக வேண்டும். 10-ஆம் தேதி கொடுத்தால் செலவு அடுத்த வருடத்துக்குப் போய்விடும். மார்ச் 31 தாண்டிவிட்டோம், இனி நிதானமாகப் பார்க்கலாம் என்று விடுகிற இடம் இதுதான்.

அதனால் வருவது இரண்டு பட்டியல். மார்ச் 16 வரை ஏற்றுக்கொண்டவை, இவற்றை 22-ஆம் தேதியே கொடுத்து முடிக்கலாம். 17 முதல் ஏற்றுக்கொண்டவை, இவற்றுக்குக் கெடு ஏப்ரல் 1-லிருந்து வரிசையாக வரும். நீங்கள் ஊரில் இருக்கும் வாரத்தில் வந்து விழும் பில்லுக்கு அந்த வாரத்தில் பணம் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஏப்ரல் 1 அன்று நீங்கள் நாற்காலியில் இருக்க வேண்டும். ஏப்ரல் 2 வரை லீவு என்பதுதான் உங்கள் வேண்டுகோளில் இடிக்கிற இடம், மார்ச் 25 இல்லை.

இன்னொன்று, அந்த 34 பேரில் நூல் வாங்கி விற்கும் கடைக்காரர்கள் யாராவது இருந்தால் எடுத்துவிடுங்கள். வியாபாரம் மட்டும் செய்கிறவர்கள் உத்யம் வைத்திருந்தாலும் இந்தக் கெடுவுக்குள் வரமாட்டார்கள்.

பனியன்_கணக்கு

அக்கா, மூன்று பேர் கடைக்காரர்கள்தான். பட்டியல் 31 பேராகிவிட்டது. நான் இவ்வளவு நாள் எல்லாவற்றையும் 31-க்குள் தள்ளிக்கொண்டிருந்தேன், ஆடிட்டர் சொன்னதை அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

வீட்டில் பேசினேன். மறுவீட்டை 31-லிருந்து ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டோம், அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத்தான் மனசில்லை, மூன்றாம் நாள் கூப்பிடாமல் விட்டால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று. கடைசியில் சித்தப்பா 30-ஆம் தேதி மாலை போய் அழைத்துவிட்டு வருவதாகவும், விருந்து ஞாயிற்றுக்கிழமை என்றும் முடிவானது. அதனால் 31 காலை நான் திருப்பூரில் இருக்க முடியும்.

அந்தத் தம்பியிடமும் பேசிவிட்டேன். சரி என்றான், ஆனால் ஏப்ரலில் அவனுக்கு இரண்டு நாள் லீவு வேண்டுமாம், கோயில் திருவிழா. நியாயம்தான். அதையும் கடிதத்தில் எழுதலாமா?

எழுதியிருப்பது இது:

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு, என் தங்கையின் திருமணம் மார்ச் 27 அன்று திருமங்கலத்தில் நடக்கிறது. தந்தை இல்லாததால் பொறுப்பு முழுவதும் என்னுடையது. மார்ச் 23 முதல் 30 வரை விடுப்பு வேண்டுகிறேன். 31 காலை 9 மணிக்குப் பணியில் இருப்பேன், அன்றைய ஸ்டாக் எண்ணிக்கை முடியும் வரை இருப்பேன். எல்யுடி மார்ச் 15-க்குள் போடப்படும். மார்ச் 16 வரையிலான பில்களுக்குரிய பேமென்ட் 22-க்குள் உங்கள் ஒப்புதலுடன் முடிக்கப்படும். இடைப்பட்ட நாளில் அவசர பேமென்டுக்குத் தம்பி மேக்கராக இருப்பார், அதற்குப் பேங்க் ஃபாரத்தில் இந்த வாரமே கையெழுத்து வேண்டும். எந்த நேரத்திலும் என்னைப் போனில் அழைக்கலாம். இதற்கு ஈடாக மார்ச்சில் இரண்டு ஞாயிறு வேலைக்கு வருகிறேன்."

சிவகாசி_சரவணன்

"எந்த நேரத்திலும்" என்பதை அடியுங்கள் தம்பி. தயவுசெய்து.

கோவை_மீனா

சரவணன் சொல்வதுதான். ஒரு நேரம் எழுதுங்கள். தினமும் இரவு 8 முதல் 8.30 வரை, 26, 27 இரண்டு நாளும் கிடையாது. அந்த இரண்டு நாளைக் கடிதத்திலேயே எடுத்துவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நேரம் சொன்னால் அவர்கள் கேள்வியைச் சேர்த்து வைத்துக் கேட்பார்கள். எப்போதும் என்று சொன்னால் ஒவ்வொன்றாக வரும்.

தம்பியின் இரண்டு நாள் லீவைக் கடிதத்தில் எழுத வேண்டாம், ஆனால் மேனேஜரிடம் அதே பேச்சில் வாயால் சொல்லிவிடுங்கள். அவன் உங்களுக்காக நின்றான் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

முதலாளி_பக்கம்

கடிதம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வாக்கியம் குறைகிறது. எந்த ஷீட் எங்கே இருக்கிறது என்று எழுதி, ஒரு நகலை மேனேஜர் கம்ப்யூட்டரில் வைப்பேன் என்று சேருங்கள். அப்புறம் இதைக் கேன்டீனில் கொடுக்காதீர்கள். காலை பத்து மணிக்கு முன்னால், அவர் மெயில் பார்த்து முடிக்கும் நேரத்தில், உள்ளே போய் உட்கார்ந்து கொடுங்கள். பத்திரிகையையும் கூடவே வையுங்கள். பத்திரிகையைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்வது யாருக்கும் சுலபம் இல்லை, எனக்கும்.

பனியன்_கணக்கு (பிப்ரவரி 19)

கொடுத்துவிட்டேன். முழுதாகப் படித்தார். முதலில் கேட்டது "பேங்க் ஃபாரம் எங்கே" என்றுதான். கையோடு கொண்டு போயிருந்தேன், அன்றே முதலாளியிடம் அனுப்பிவிட்டார். 23-க்குப் பதில் 24 முதல் போ, 23 ஒரு நாள் மட்டும் என்னோடு உட்கார்ந்து பேமென்ட் பட்டியலைச் சரி பார்த்துவிட்டுப் போ என்றார். ஒத்துக்கொண்டேன். பந்தல்காரரை மாமா பார்த்துக்கொள்வார். இரண்டு ஞாயிறு வேலைக்குப் பதில் காம்ப் ஆஃப் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை.

பனியன்_கணக்கு (ஏப்ரல் 3)

எல்லோருக்கும் நன்றி, கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முகூர்த்த நேரத்தில் போன் பெட்டிக்குள் இருந்தது.

ஆனால் ஒன்று மாட்டியது, அதைச் சொல்ல வேண்டும். 25-ஆம் தேதி ஒரு டையிங் யூனிட்டிலிருந்து பில் வந்திருக்கிறது, பில் தேதி மார்ச் 22, தொகை 1,86,000. தம்பி அதை இரண்டாவது பட்டியலில் போட்டுவிட்டான், அதாவது ஏப்ரலில் கொடுக்க வேண்டியது என்று. பில் தேதியைப் பார்த்தால் சரிதான். இரவு 8 மணி போனில் அவன் படித்துக் காட்டும்போது எனக்கு அந்த லாட் நம்பர் பழையதாகத் தோன்றியது. செக்யூரிட்டி கேட்டில் இருக்கும் இன்வர்டு ரெஜிஸ்டரைப் பார்க்கச் சொன்னேன். துணி உள்ளே வந்தது மார்ச் 3. டெலிவரி சலானிலும் 3 தான். அவர்கள் பில்லை மட்டும் தாமதமாகப் போட்டிருக்கிறார்கள். ஏற்றுக்கொண்ட நாள் 3 என்றால் கெடு 18-லேயே முடிந்துவிட்டது, 31-க்குள் கொடுக்காவிட்டால் செலவு அடுத்த வருடத்துக்குப் போயிருக்கும். 25 சதவீத வரி என்று வைத்தாலே 46,500 ரூபாய் இந்த வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். 28-ஆம் தேதி தம்பி மேக்கர் போட்டு முதலாளி அப்ரூவ் செய்து போய்விட்டது. புது யூசர் இல்லையென்றால் அன்று நான்தான் ஓடிபி சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

பட்டியலைப் பில் தேதியை வைத்துப் போட்டது என் தவறு. இப்போது இன்வர்டு தேதிக்கு ஒரு தனிப் பத்தி சேர்த்துவிட்டேன்.

31 அன்று ஸ்டாக் எண்ணி முடிக்க ராத்திரி 11.30. பஸ்ஸில் வந்த களைப்பு, ஆனால் மேனேஜரும் கூடவே இருந்தார். இரண்டு யூனிட்டின் கன்ஃபர்மேஷன் லெட்டர் இன்னும் வரவில்லை, அக்கா துரத்திக்கொண்டிருக்கிறார்.

நேர்பேச்சு

வாழ்த்துகள். ஒன்று கேட்கிறேன், 24 முதல் 30 வரை லீவு போட்டீர்களே, நடுவில் வந்த ஞாயிறையும் லீவாகக் கழித்தார்களா?

பனியன்_கணக்கு

ஆமாம், ஏழு நாள் கழித்திருக்கிறார்கள். எச்ஆரில் கேட்டால் நடுவில் வரும் ஞாயிறும் சேர்ந்துதான் கணக்கு என்கிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு ஞாயிறு வேலை செய்தது எங்கேயும் பதிவாகவில்லை.

நேர்பேச்சு

பார்த்தீர்களா, இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். நீங்களாகவே விட்டுக்கொடுத்ததை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். இரண்டு ஞாயிறு வருகிறேன் என்று எழுதிய இடத்திலேயே, அதற்கு மாற்று விடுப்பு உண்டு என்றும் எழுதியிருக்க வேண்டும்.

கோவை_மீனா

இந்த முறை நேர்பேச்சு பக்கம் நியாயம் இருக்கிறது, நானும் அந்த வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஆனால் லீவு வாங்கும் நேரத்திலேயே காம்ப் ஆஃப் கேட்டிருந்தால் மேனேஜர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியவில்லை. நடுவில் வரும் ஞாயிறு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

முதலாளி_பக்கம்

என் கம்பெனியில் நான் ஞாயிறைக் கழிப்பதில்லை. ஆனால் அவராகவே தருகிறேன் என்று சொன்ன ஞாயிறுக்குக் காம்ப் ஆஃப் கேட்டால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தம்பியின் திருவிழா லீவை முதலில் வாங்கிக் கொடுங்கள், அதற்கு அப்புறம் உங்களுடையதைக் கேளுங்கள்.

பனியன்_கணக்கு

தம்பி லீவு நேற்றே கையெழுத்தாகிவிட்டது, 17, 18. ஜிஎஸ்டிஆர்-1 முடிந்த பிறகு, 3பி-க்கு முன்னால். அந்தத் தேதியை அவனேதான் பார்த்து எடுத்தான். ஆர்டரை இன்று ராத்திரி வீட்டில் தேடிப் பார்க்கிறேன்.